படி இறங்கினது சனிக்கிழமை, கால் கடுப்பது திங்கட்கிழமை

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசிப் பக்கம் வருகிற விருந்தாளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுவார்கள். முதல் நாள் பண்பொழி திருமலைக்கோயில், மறுநாள் ஐந்தருவியும் பேரருவியும், அதற்கடுத்த நாள் ஊருக்குத் திரும்புவது. திருமலைக்கோயிலுக்கு மேலே வரைக்கும் வண்டிப் பாதை இருக்கிறது. ஆனாலும் முருகனைப் படியேறிப் பார்த்தால்தான் திருப்தி என்று அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்குகிறவர்கள் ஏராளம். இறங்கி முடிக்கும்போது கால் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். மறுநாள் அருவியில் நிற்கும்போதும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் காலையில்தான் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் தொடை இரண்டும் கட்டிக்கொள்ளும்.

பிசியோதெரபி பார்க்கிற அக்கா நான் என்பதால், இந்த மூன்றாம் நாள் காலையில் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்குப் போன் வராத சீசனே இல்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “இது சும்மா கால் கடுப்பா, இல்லை உள்ளே எதுவும் அறுந்துபோச்சா?” அதற்கு நான் சொல்கிற பதிலை உனக்கும் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. வலி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதே. உயிர் போகிற மாதிரி வலிக்கிற தொடைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பொறுத்துக்கொள்ளும்படி வலிக்கிற கெண்டைக்காலில் சதை கிழிந்திருக்கும். வலி எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் இருக்கிறது, நடந்தால் என்ன ஆகிறது என்பவைதான் உண்மையைச் சொல்லும்.

மூச்சு வாங்குவது ஏறும்போது, சதை அடிபடுவது இறங்கும்போது

படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். அதனால் எல்லாரும் ஏறியதைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மையில் மூன்றாம் நாள் வலியைக் கொண்டுவருவது இறக்கம்தான்.

ஒரு படி இறங்குவதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார். வலது கால் கீழ்ப்படியைத் தொடும் வரைக்கும் உடம்பின் மொத்த பாரத்தையும் இடது கால் தாங்குகிறது. அந்த முழங்கால் மெல்ல மடங்குகிறது. திடீரென்று மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது முன்தொடைச் சதை. அது இறுகிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. கிணற்றில் நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டி மெல்ல மெல்ல இறக்குகிறவர் கை எப்படி இழுத்துப் பிடித்தபடியே விட்டுக்கொடுக்குமோ, அந்த மாதிரி வேலை இது. இப்படி நீண்டுகொண்டே தாங்கும்போது, சதைக்குள் குறைவான நார்களே முழு பாரத்தையும் ஏற்கின்றன. பழக்கமில்லாத கால் என்றால் அந்த நார்களுக்குள் இருக்கிற மிக நுண்ணிய அடுக்குகள் சில இடங்களில் குலைந்துபோகும். கண்ணுக்குத் தெரிகிற கிழிசல் இல்லை இது, நுண்ணோக்கியில்தான் தெரியும்.

குலைந்ததைச் சரிசெய்ய உடம்பு அங்கே ரத்தத்தையும் நீரையும் அனுப்பும். அப்போது சுரக்கிற பொருள்கள் வலி நரம்புகளின் முனைகளைக் கூர்மையாக்கிவிடும். இது நடந்து முடிய பல மணி நேரம் ஆகும். அதனால்தான் சனிக்கிழமை இறங்கியதற்கு ஞாயிற்றுக்கிழமை லேசாகத் தொடங்கி, திங்கட்கிழமை வலி உச்சத்துக்குப் போகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் வலி இருக்காது. ஆனால் நரம்பு கூர்மையாகியிருப்பதால் கை வைத்து அழுத்தினாலோ, காலை மடக்கி நீட்டினாலோ சுருக்கென்று பிடிக்கும். இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

“லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது, அதைக் கரைக்க வேண்டும்” என்று ஜிம்மில் சொல்வார்கள். வேகமாக ஓடும்போது ரத்தத்தில் லாக்டேட் கூடுவது நிஜம்தான். ஆனால் ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும், இரண்டு நாள் தங்காது. 1983-ல் அமெரிக்காவில் ஷ்வானே என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். சமமான டிரெட்மில்லில் ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடியது, பின்னால் குறிப்பிடும்படி வலி வரவில்லை. சரிவாக இறங்குகிற டிரெட்மில்லில் ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடவில்லை, ஆனால் மறுநாளும் அடுத்த நாளும் நன்றாகவே வலித்தது. இதற்கெல்லாம் முன்பே, 1902-ல், தியடோர் ஹஃப் என்பவர் விரலுக்கு வேலை கொடுத்துப் பார்த்து, வேலை செய்யும்போதே வருகிற களைப்பு வலி வேறு, மறுநாள் வருகிற வலி வேறு என்று எழுதிவிட்டார். ஆகவே “ஆசிட்டைக் கரைக்க” என்று யாராவது உன் தொடையைப் பிழிந்து எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சித்தி மகளின் கால்: நாள் வாரியாக

போன சீசனுக்கு என் சித்தி மகளும் அவள் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சனிக்கிழமை காலையில் திருமலைக்கோயில் படியேறி இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் கால் வலி வந்தது. ஆனால் இரண்டும் ஒரே வலி இல்லை.

முதலில் அவளுடையதைச் சொல்கிறேன். இறங்கி முடித்ததும் முழங்கால் தளதளவென்று ஆடியது. வலி இல்லை. இது கவனிக்க வேண்டிய விஷயம்: சதையின் பலம் அந்த நிமிஷமே குறைந்துவிடும், வலிதான் பிந்தி வரும். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடை கொஞ்சம் கனமாக இருந்தது. அருவிக்குப் போய் வந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்: “எக்கா, காலு ரெண்டும் போச்சு. படி இறங்க முடியல, கக்கூஸ்ல குத்தவைக்க முடியல.”

மேலே போய்ப் பார்த்தேன். முன்தொடை இரண்டிலும், கெண்டைக்கால் இரண்டிலும் வலி. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டச் சொன்னால் அவளால் முடியவில்லை. உள்ளங்கையால் தொடை முழுக்கத் தடவி “இங்கெல்லாம்” என்றாள். உட்கார்ந்திருக்கும்போது வலி இல்லை. எழுந்திருக்கும்போதுதான் அலறல். வீட்டுக்குள் பத்து நிமிஷம் நடக்க வைத்தேன், கால் இளகியது. திரும்பப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தாள், மறுபடி இறுகிக்கொண்டது. கன்றிப்போன நிறம் இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் வழக்கம்போல வெளிர் மஞ்சள். செவ்வாய்க்கிழமை பாதியாகக் குறைந்தது. வியாழக்கிழமை படியைப் பார்த்துப் பயம் இல்லாமல் இறங்கினாள். சனிக்கிழமை சுத்தமாக மறந்துவிட்டாள்.

சாதாரணச் சதைவலியின் நடை இதுதான். ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். ஐந்து முதல் ஏழு நாளில் ஓய்ந்துவிடும்.

அவள் வீட்டுக்காரரின் கால்: நேரம் சொன்ன செய்தி

அவருக்கு வலி திங்கட்கிழமை வரவில்லை. சனிக்கிழமை, படி இறங்கி முக்கால்வாசி வந்தபோது, பின்னால் வந்த ஒரு கூட்டத்துக்கு வழிவிட அவசரமாக ஒதுங்கினார். அந்த நொடியில் இடது கெண்டைக்காலில் யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி இருந்திருக்கிறது. திரும்பிக்கூடப் பார்த்தாராம், பின்னால் யாரும் எறியவில்லை. மிச்சப் படிகளை நொண்டிக்கொண்டே இறங்கினார். நொண்டி நொண்டி நடக்க முடிந்ததால் சுளுக்கு என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை அவளுக்கும் கால் வலி வந்ததும், “எனக்கும் அதே வலிதான்” என்று அவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டார்.

காலைப் பார்த்தேன். கெண்டைக்காலின் உட்பக்கம், சதை திரண்டு முடிகிற இடத்தில், ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளி. அங்கே அழுத்தினால் துடித்தார். கணுக்காலுக்கு மேலே நீலம் பாய்ந்திருந்தது. மேலே கசிந்த ரத்தம் இரண்டு நாளில் கீழே இறங்கி வந்து தெரிகிற நிறம் அது. இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னேன், வலது காலில் தூக்கினார், இடது காலில் முடியவில்லை. அவருடைய மனைவிக்கும் தூக்கும்போது வலித்தது, ஆனால் தூக்க முடிந்தது. வலிப்பது வேறு, முடியாமல் போவது வேறு.

இன்னொன்றும் பார்த்தேன். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, வலிக்கிற இடத்தைத் தவிர்த்துக் கெண்டைக்காலை மெல்லப் பிடித்து அமுக்கினேன். பாதம் அசைந்தது. அசையாமல் கிடந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தடித்த தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றே எலும்பு மருத்துவரிடம் போயாக வேண்டும். இவருக்கு அது தப்பியிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கெண்டைக்கால் சதையில் சின்னக் கிழிசல். சாதாரண வலி ஒரு வாரத்தில் போய்விடும், இது ஆற வாரக்கணக்காகும்.

இரண்டு பேரில் அதிகம் கத்தியது அவள்தான். அடிபட்டிருந்தது அவருக்கு.

உன்னையே கேட்டுக்கொள்ள ஐந்து கேள்வி

எப்போது தொடங்கியது? மறுநாளோ அதற்கடுத்த நாளோ மெல்ல மெல்ல வந்ததென்றால் சதைவலியாக இருக்க வாய்ப்பு அதிகம். “இந்தப் படியில், இந்த நொடியில்” என்று சொல்ல முடிந்தால் அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள். பட்டென்று சத்தமோ, அடித்த மாதிரி உணர்வோ இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எந்த இடம்? இரண்டு காலிலும், சதையின் நடுப்பகுதி முழுக்கப் பரவி இருந்தால் கவலை குறைவு. ஒரு காலில் மட்டும், ஒரு விரலுக்குள் அடங்குகிற புள்ளியில், அல்லது சதையில் இல்லாமல் மூட்டிலோ எலும்பின் மேலோ இருந்தால் அது வேறு கதை. முழங்கால் சில்லு, கணுக்கால் குமிழ் இவற்றிலெல்லாம் சாதாரணச் சதைவலி வராது.

ஓய்வாக இருக்கும்போது வலிக்கிறதா? சதைவலி அசையாதவரை அடங்கிக் கிடக்கும். சும்மா படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று தெறித்தால், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினால், காட்ட வேண்டிய வலி.

நடந்தால் என்ன ஆகிறது? முதல் பத்து அடி கொடுமையாக இருந்து, பிறகு இளகிக்கொண்டே போனால் நல்லது. நடக்க நடக்கக் கூடினாலோ, நொண்டாமல் ஊன்ற முடியாமல் போனாலோ அடிபட்டிருக்கலாம். கணுக்கால் பிசகி, நாலு அடிகூட ஊன்றி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நாலாம் நாள் எந்தப் பக்கம் போகிறது? இதுதான் மற்ற நாலு கேள்வியையும் சரிபார்க்கிற கேள்வி. மூன்றாம் நாள் உச்சத்தைத் தொட்ட சதைவலி நாலாம் நாள் கொஞ்சமாவது இறங்க வேண்டும். அப்படியே நின்றாலோ, கூடினாலோ, ஒரு வாரம் கழித்தும் போகாவிட்டாலோ, முதலில் நீ என்ன முடிவு செய்திருந்தாலும் அதை விட்டுவிட்டு மருத்துவரிடம் போ.

சதைவலிதான் என்று தெரிந்தபின்

படுத்தே கிடக்காதே. சமதரையில் பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மெல்ல நட. வலியைக் குறைக்க அதுதான் கைமேல் பலன் தரும். நடை நின்றதும் திரும்பி வரும், பரவாயில்லை. இழுத்து நீட்டுகிற பயிற்சியால் இந்த வலி சீக்கிரம் போகும் என்று நம்பிக் காலை வலுவாக இழுக்காதே. அதனால் கிடைக்கிற பலன் மிகக் குறைவு என்று ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

குற்றாலத்தில் ஆயில் மசாஜ் பிடித்துக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சதைவலி மட்டும்தான் என்றால் மிதமாகத் தேய்த்துவிடுவது நல்லதுதான், வலியைக் கொஞ்சம் குறைக்கும். “அழுத்தமாகப் பிடிங்க, கட்டு விடட்டும்” என்று மட்டும் கேட்காதே. ஏற்கெனவே நலிந்திருக்கிற நார்களை முட்டியால் நசுக்குவதில் லாபம் ஒன்றும் இல்லை. தேய்க்கும்போது இதமாக இருக்க வேண்டும், பல்லைக் கடிக்க வைக்கக் கூடாது. அதுதான் அளவு.

அருவிக்குளியலும் அப்படித்தான். குளிர்ந்த நீர் சதைவலியை மட்டுப்படுத்தும். சாரல் காலத்து அருவித் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றால் கால் லேசாவது நிஜம். ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. வலி வந்த நாட்களில் காலின் பலமும் குறைந்திருக்கும், பாதம் எங்கே இருக்கிறது என்கிற உணர்வும் கொஞ்சம் மங்கியிருக்கும். பாசி படிந்த பாறையில் முழங்கால் சட்டென்று மடங்கிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டே நில், கூட்டம் தள்ளுகிற இடத்துக்குப் போகாதே. அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடு, காலை ஊன்றி வண்டியைத் தாங்க வேண்டிய நேரத்தில் தாங்காது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கு. குத்தவைக்க முடியாவிட்டால் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற இடத்தில் தங்குவது பெரிய உதவி.

மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால், ஈரலில் கோளாறு இல்லாத பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி விடு. டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதே. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம்.

சதை கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்

முதல் இரண்டு மூன்று நாள் செய்யக் கூடாதவைதான் முக்கியம். தேய்க்காதே, உருவிவிடாதே, சுளுக்கு எடுக்கிறவரிடம் போகாதே. மஞ்சளும் உப்பும் சேர்த்துச் சூடாகப் பற்று போடுவது நம் வீடுகளில் வழக்கம். புதிதாகக் கிழிந்த சதைக்குச் சூடு வேண்டாம், உள்ளே ரத்தக் கசிவைக் கூட்டும். ரத்தம் கட்டியிருக்கிற சதையைத் திரும்பத் திரும்ப உருவினால் சில பேருக்கு அந்த இடத்தில் எலும்பு மாதிரி கெட்டிப்பட்டுப் போவதும் உண்டு. கொட்டுகிற அருவிக்கு அடியில் அந்தக் காலைக் காட்டுவதும் தேய்ப்பதற்குச் சமம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவு: மேலும் நடக்காமல் உட்கார். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிஷம் வை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வைத்தால் போதும். கிரேப் பேண்டேஜைக் கால் விரல் பக்கத்திலிருந்து மேல் நோக்கிச் சுற்று. விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே தளர்த்திவிடு. படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வை. பிறகு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிடு. தென்காசியில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

விடியும் வரை காத்திருக்கக் கூடாத நிலைகள்

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்திலோ கோலா நிறத்திலோ போனால், உடனே மருத்துவமனை. சதை அளவுக்கு மீறி நைந்து, அதிலுள்ள பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். வெயிலில், தண்ணீர் குடிக்காமல், ஒரே நாளில் உடம்பை அடித்துப் போட்டவர்களுக்கு இது வரும். நீண்ட நாள் கழித்து ஜிம்மில் சேர்ந்து முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போட்டவர்களுக்கும் வரும். தொடை கல் மாதிரி வீங்கி, காலைத் தூக்கவே முடியாமல் போவதும் இதன் அடையாளம். அங்கே சி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சாதாரணச் சதைவலியிலும் அந்த எண் ஓரளவு கூடும் என்பதால், அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நீயே பயப்படவும் வேண்டாம், தைரியமாக இருந்துவிடவும் வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனையோடு சேர்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் அது நாளத்துக்குள் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்தே வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் குழந்தை பெற்றவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது. கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடு.

காய்ச்சலோடு வருகிற கால் வலியை ஒருபோதும் படியின் தலையில் கட்டாதே. பழக்கமில்லாத உடற்பயிற்சி காய்ச்சலைக் கொண்டுவராது. டெங்கு, சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல் மூன்றிலும் உடம்பு வலி உண்டு. எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் வலி முக்கியமான அடையாளம், கண்ணும் சிவக்கலாம். தேங்கிய நீரிலோ சேற்றிலோ கால் வைத்த பிறகு சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் அது தலைகாட்டும். அதாவது நீ ஊர் திரும்பிய பிறகு. அப்போது மருத்துவரிடம் எங்கே போயிருந்தாய், எந்தத் தண்ணீரில் இறங்கினாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

அடுத்த தடவை வலிக்காமல் இருக்க

ஒரு தடவை இறக்கத்தில் அடிபட்டு ஆறிய சதை அடுத்த தடவைக்குத் தயாராக இருக்கும். அதே படியைச் சில வாரத்துக்குள் மறுபடி இறங்கினால் வலி பாதிகூட வராது. இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் நிற்கும். இதில் நமக்கு வசதியான விஷயம் என்னவென்றால், அதைப் பெற முழு மலையையும் இறங்க வேண்டியதில்லை, கொஞ்சம் இறங்கினாலே போதும்.

சீசனுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, உன் அபார்ட்மென்டில் லிஃப்டில் மேலே போய் நாலைந்து மாடி படியில் நிதானமாக இறங்கு. அன்றைக்கு அவ்வளவே போதும். இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடையை அழுத்திப் பார். வலி இருந்தால் அது போகும்வரை விட்டுவிடு. போன பிறகு மறுபடி இறங்கு, இந்தத் தடவை எட்டு அல்லது பத்து மாடி. அடுத்த வாரம் இன்னொரு தடவை. லிஃப்ட் இல்லாத வீடு என்றால், ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு மூன்று எண்ணும் அளவுக்கு மெல்ல உட்கார்ந்து எழுந்திரு, பத்து தடவை. மெல்ல உட்காருவதில்தான் பலன் இருக்கிறது. முழங்காலில் தேய்மானமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

திருமலைக்கோயிலில் இறங்கும்போது பேச்சு வேகத்தில் ஓடி இறங்காதே. குதித்து இறங்கும் ஒவ்வொரு படியும் தொடையில்தான் விழும். ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று, சுற்றி இருக்கிற தென்னந்தோப்பையும் மலையையும் பார்த்துவிட்டு இறங்கு. கால் நடுங்கத் தொடங்கினால் அது பலம் குறைந்ததற்கு அடையாளம். அப்போது உட்கார்ந்துவிடு. வீட்டில் வயதானவர்களோ, நாளைக்கு வேலைக்கு நின்றாக வேண்டியவர்களோ இருந்தால் அவர்களைப் படியில் ஏற்றி, இறங்கும்போது வண்டியில் அனுப்பிவிடு. ஏறியதற்கு வலிப்பது கொஞ்சம்தான். ஊருக்கு ரயில் ஏறுகிற நாளுக்கு முந்தின இரண்டு நாளில் படிக்கோயில் வராத மாதிரி திட்டம் போட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் படி ஏறுகிற நேரத்தில் கால் உனக்குக் கைகொடுக்கும்.